பிஎம்ஐ பிரைம் கணக்கு போடுறது எப்படி, 25-ஆல வகுக்கணுமா 23-ஆல வகுக்கணுமா

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்ல பிஎம்ஐ 25.7னு ஒரு வரி இருக்கும், பக்கத்துல ஒரு சின்ன அம்புக்குறி மேல பாத்து நிக்கும், அவ்ளோதான். அது கொஞ்சமா தாண்டியிருக்கா நிறைய தாண்டியிருக்கா, எத்தனை கிலோ குறைச்சா சரியாகும், இதெல்லாம் அந்த 25.7ஐ மட்டும் பாத்து சொல்லவே முடியாது. இதுக்குத்தான் பிஎம்ஐ பிரைம். பெருசா ஒண்ணுமில்ல, உங்க பிஎம்ஐயை எடுத்து நார்மலோட மேல் எல்லை எதுவோ அதால வகுக்கணும். விடை சரியா 1 வந்தா நீங்க எல்லைக்கோட்டு மேலயே நிக்கிறீங்க. 1.10 வந்தா எல்லையை விட 10 சதவீதம் கூட. 0.90 வந்தா எல்லைக்கு 10 சதவீதம் கீழ. முடிஞ்சது.

இதுல இருக்கிற வம்பு வகுத்தல்ல இல்ல, எதால வகுக்கிறோம்ங்கிறதுல. அதுக்கு வர்றேன், அதுக்கு முன்னாடி அளவை ஒழுங்கா எடுப்போம், ஏன்னா அளவு தப்பா இருந்தா மத்த எல்லாம் வேஸ்ட்.

முதல்ல உயரம். எடையை விட உயரத்துலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க, அதுவும் பிஎம்ஐங்கிறதே கிலோ எடையை மீட்டர் உயரத்தால ரெண்டு தடவை வகுக்கிறதுங்கிறதால உயரத்துல வர்ற தப்பு விடையில ரெண்டு மடங்கா தெரியும். காலேஜ்ல அளந்த உயரம், லைசென்ஸ்ல போட்ட உயரம் இதெல்லாம் வேணாம், இப்ப அளங்க. செருப்பு இல்லாம, கீழ பார்டர் டைல்ஸ் துருத்திக்கிட்டு இல்லாத சுவரா பாத்து, குதிகால் சுவத்துல படுற மாதிரி நில்லுங்க. நேரா எதிர்ல பாக்கணும், தாடையை தூக்கக்கூடாது. கொண்டை போட்டிருந்தா அவுத்துடணும். இன்னொருத்தர் ஒரு கெட்டி அட்டை புக்கை எடுத்து, ஒரு ஓரம் சுவத்தோட ஒட்டி, இன்னொரு ஓரம் தலையை அழுத்தி உக்கார்ற மாதிரி வெச்சு, அடியில பென்சில்ல கோடு போடணும். அப்புறம் தரையில இருந்து கோடு வரைக்கும் இன்ச் டேப்ல சென்டிமீட்டர் பக்கம் பாத்து அளந்துக்குங்க. தையல் டேப் பழசாகி இழுத்துப்போயிருந்தா அதை நம்ப வேணாம், இரும்பு டேப் இருந்தா அதுதான் பெஸ்ட்.

ஏன் சென்டிமீட்டர்னு கேப்பீங்க. நாம அஞ்சு அடி அஞ்சு இன்ச்சை 5.5னு எழுதுற ஆளுங்க. கால்குலேட்டர்ல அதையே 5.5 அடினு போட்டா அது அஞ்சரை அடி, அதாவது அஞ்சு அடி ஆறு இன்ச்னு எடுத்துக்கும். ஒரு இன்ச் தானேனு விடாதீங்க. 70 கிலோ இருக்கிற ஒருத்தருக்கு அஞ்சு அடி அஞ்சு இன்ச்சுனா பிஎம்ஐ 25.7 வருது, அஞ்சரை அடினு போட்டா 24.9. ஒண்ணு 25க்கு மேல, இன்னொண்ணு கீழ, ஆளு அதே ஆளு! 5.10 கேஸ் இன்னும் மோசம். அஞ்சு அடி பத்து இன்ச் ஆள் 5.10னு அடிச்சா மெஷினுக்கு அது 5.1 அடி, சுமார் 155 சென்டிமீட்டர், ஆனா உண்மையில அவர் 178 கிட்ட. 80 கிலோ இருந்தா 25 வர வேண்டிய பிஎம்ஐ 33னு வந்து நிக்கும், மனுஷன் அன்னிக்கு நைட் சாப்பாட்டையே விட்டுருவார். அடி இன்ச்லதான் தெரியும்னா அடியை 12ஆல பெருக்கி, இன்ச்சை கூட்டி, மொத்தத்தை 2.54ஆல பெருக்குங்க, சென்டிமீட்டர் வந்துடும்.

எடைக்கு அவ்ளோ சொல்ல ஒண்ணுமில்ல. காலைல எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்து, எதுவும் சாப்பிடாம, லேசான துணியில. மெஷின் டைல்ஸ் தரையில இருக்கணும், கால்மிதி மேலயோ பாய் மேலயோ வெச்சா தப்பா காட்டும். சாயங்காலம் ஜிம்ல ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு அப்புறம் வீட்ல ஒரு தடவைனு மாத்தி மாத்தி பாத்தா அது எதையும் சொல்லாது.

இப்ப வகுக்கிற நம்பருக்கு வருவோம், இந்த கட்டுரையே இதுக்குத்தான்.

இன்டர்நெட்ல பிஎம்ஐ பிரைம்னு தேடினா பெரும்பாலும் 25ஆல வகுக்கச் சொல்லுவாங்க. அது உலக சுகாதார நிறுவனம் பொதுவா வெச்சிருக்கிற மேல் எல்லை. ஆனா 2004ல அதே நிறுவனத்தோட நிபுணர் குழு ஆசியக்காரங்க டேட்டாவை வெச்சு பாத்துட்டு, இவங்களுக்கு 25க்கு கீழயே சுகர், ஹார்ட் ரிஸ்க் ஏற ஆரம்பிச்சுடுதுனு சொன்னாங்க. பொது எல்லையை மாத்தல, ஆனா 23லயும் 27.5லயும் கூடுதலா கோடு போட்டு, அந்தந்த நாடு தனக்கு ஏத்ததை முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுட்டாங்க. சிங்கப்பூர்ல 23ல இருந்தே ரிஸ்க்னு சொல்றாங்க. சீனாவுல 24. ஜப்பான்ல 25தான். இந்தியாவுல 2009ல டாக்டர்கள் சேர்ந்து கொண்டுவந்த வழிகாட்டுதல்படி 23 தொட்டா ஓவர்வெயிட், 25 தொட்டா ஒபிசிட்டி. அதாவது உலகக் கணக்குல ஓவர்வெயிட் ஆரம்பிக்கிற அதே இடத்துல நமக்கு ஒபிசிட்டி ஆரம்பிக்குது.

ஏன் இப்படினா, அதே பிஎம்ஐல நம்ம உடம்புல கொழுப்பு அதிகம், சதை கம்மி, அதுவும் கொழுப்பு போய் வயித்துக்குள்ள உக்காருது. இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. யாஜ்னிக்னு புனேல ஒரு டாக்டர், யுட்கின்னு லண்டன்ல ஒரு டாக்டர், ரெண்டு பேரும் தங்களையே அளந்து 2004ல லான்செட் பத்திரிகையில போட்டோவோட போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3, அச்சு அசலா ஒண்ணு. ஆனா உடம்புல கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேகாரருக்கு 21.2 சதவீதம். 25ஆல வகுத்தா ரெண்டு பேருக்கும் பிரைம் 0.89, ஜாலியா இருக்கலாம்னு தோணும். புனேகாரரை 23ஆல வகுத்தா 0.97, எல்லைக்கு ரொம்ப கிட்ட. எனக்கு கேட்டா தெற்காசிய உடம்பு இருக்கிற யாரும், சென்னையோ யாழ்ப்பாணமோ டொரன்டோவோ எங்க இருந்தாலும், 23ஆலதான் வகுக்கணும். ஊரு மாறினா உடம்பு மாறாது.

சரி, கணக்கு போடுவோம். எனக்கு தெரிஞ்ச ஒரு புருஷன் பொண்டாட்டி, அவருக்கு 165 சென்டிமீட்டர், 70 கிலோ, நாள் பூரா சேர்ல உக்கார்ற வேலை. அவங்களுக்கு 150 சென்டிமீட்டர், 58 கிலோ.

அவரோடது. 165ஐ மீட்டராக்கினா 1.65, அதை அதாலயே பெருக்கினா 2.7225. 70ஐ இதால வகுத்தா 25.7. இதுதான் பிஎம்ஐ. 25ஆல வகுத்தா 1.03. 23ஆல வகுத்தா 1.12. எக்செல்லயோ கூகுள் ஷீட்லயோ போடுறவங்க எடையை B2லயும் சென்டிமீட்டர் உயரத்தை C2லயும் வெச்சுட்டு இதை அடிங்க:

```
=B2/(C2/100)^2/23
```

1.03னு வந்தப்ப அவர் "அட மூணு பர்சன்ட்தானேப்பா, ரெண்டு கிலோ, ரெண்டு வாரம் நைட்டு டிபன்ல கைய வெச்சா போச்சு"னாரு. 1.12 காட்டினதும் கொஞ்சம் அமைதியாயிட்டாரு. ரெண்டுமே கணக்குப்படி கரெக்ட்தான், கோடு வேற. அதனால இந்த நம்பரை எங்க எழுதினாலும் பக்கத்துலயே எதால வகுத்ததுனு எழுதி வைங்க, வெறும் 1.12னு டைரியில எழுதி வெச்சா ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே புரியாது.

இதைவிட ஈசியான வழி ஒண்ணு இருக்கு, நான் எல்லாருக்கும் இதைத்தான் சொல்றது. பிரைம்ங்கிறது கடைசியில என்ன? உங்க எடையை உங்க உயரத்துக்கான எல்லை எடையால வகுக்கிறது, அவ்ளோதான். பெரியவங்களுக்கு உயரம் மாறப்போறதில்ல, அதனால அந்த எல்லை எடையை ஒரே ஒரு தடவை கண்டுபிடிச்சா போதும். உயரத்தை உயரத்தால பெருக்கி 23ஆல பெருக்குங்க. அவருக்கு 2.7225ஐ 23ஆல பெருக்கினா 62.6 கிலோ. அவங்களுக்கு 1.5ஐ 1.5ஆல பெருக்கினா 2.25, அதை 23ஆல பெருக்கினா 51.75 கிலோ. இனிமே ஒவ்வொரு வாரமும் மெஷின்ல வர்ற எடையை இந்த ஒரு நம்பரால வகுத்தா பிரைம் ரெடி. பிஎம்ஐயை கண்டுபிடிக்கவே தேவையில்ல. அந்த 62.6ஐ மெஷின் மேலயே ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிடுங்க.

அவங்களோட 58ஐ 51.75ஆல வகுத்தா 1.12. கவனிச்சீங்களா, ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர். கிலோவுல பாத்தா அவர் 70, அவங்க 58, வீட்ல "நான் உன்னை விட பன்னெண்டு கிலோ கம்மி"ன்னு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு, ஆனா எல்லையில இருந்து ரெண்டு பேரும் ஒரே தூரத்துலதான் நிக்கிறாங்க. பிரைம் உண்மையிலேயே உதவுற இடம் இதுதான், வேற வேற உயரம் இருக்கிற ஆளுங்களை ஒரே அளவுகோல்ல பாக்கலாம். வாக்கிங் குரூப்ல யாரு எத்தனை கிலோ குறைச்சாங்கன்னு போட்டி வெச்சா உயரமானவங்கதான் ஜெயிப்பாங்க, அவங்களுக்கு ஒரு கிலோங்கிறது சின்ன பங்கு. இந்த வீட்லயே ஒரு கிலோ குறைஞ்சா அவருக்கு பிரைம் 0.016 இறங்கும், அவங்களுக்கு 0.019 இறங்கும்.

இப்ப எத்தனை கிலோ குறைக்கணும். இங்க ஒரு பொதுவான சறுக்கல் உண்டு. 1.12னா 12 சதவீதம் கூட, அதனால 70ல 12 சதவீதம், 8.4 கிலோ குறைக்கணும்னு போடுவாங்க. தப்பு. அந்த 12 சதவீதம் எல்லை எடையோட சதவீதம், இப்ப இருக்கிற எடையோடது இல்ல. 70ல இருந்து 62.6ஐ கழிச்சா 7.4 கிலோ, அதுதான் விடை. அவங்களுக்கு 58ல இருந்து 51.75 போக 6.25 கிலோ. சதவீதத்தை வெச்சு யோசிச்சாதான் குழப்பம், எல்லை எடை கையில இருந்தா நேரா கழிச்சுட்டு போயிடலாம்.

வந்த நம்பரை எப்படி படிக்கிறதுனு பாப்போம். 25ஆல வகுத்தவங்களுக்கு 0.74ல இருந்து 1 வரைக்கும் நார்மல், 1ல இருந்து 1.20 ஓவர்வெயிட், அதுக்கு மேல ஒபிசிட்டி. இந்த 0.74ம் 1.20ம் வானத்துல இருந்து வந்ததில்ல, 18.5ஐயும் 30ஐயும் 25ஆல வகுத்தது. இந்த அட்டவணையைத்தான் எல்லா சைட்லயும் காப்பி பண்ணி வெச்சிருப்பாங்க. நீங்க 23ஆல வகுத்துட்டு இந்த அட்டவணையை எடுத்து பாத்தீங்கன்னா போச்சு. 23ஆல வகுத்தா கீழ் எல்லையும் மாறும், 18.5ஐ 23ஆல வகுத்தா 0.80. ஒல்லியா இருக்கிற ஒரு பொண்ணுக்கு 0.77 வந்து, அட்டவணையில 0.74க்கு மேலதானே நார்மல்தான்னு விட்டுட்டா அது தப்பு, பிஎம்ஐ 17.7, எடை கம்மி. மேல் பக்கமும் அப்படித்தான். இந்தியக் கணக்குல ஒபிசிட்டி 25ல ஆரம்பிக்கிறதால 25ஐ 23ஆல வகுத்து 1.09. ஆக 23ஆல வகுக்கிறவங்க 0.80, 1.00, 1.09னு மூணு நம்பரை ஞாபகம் வெச்சா போதும். நம்ம ஜோடி 1.12, அப்ப இந்தியக் கணக்குல ஒபிசிட்டி பக்கம், உலகக் கணக்குல இப்பத்தான் ஓவர்வெயிட் வாசல்ல கால் வெச்சவங்க.

வாராவாரம் பாக்கிறவங்களுக்கு ஒண்ணு. புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் போதும், மூணாவது வெறும் சத்தம். உப்பு கூட சாப்பிட்டா, மாசவிடாய் சமயத்துல, நைட் லேட்டா சாப்பிட்டா ஒரு கிலோ சாதாரணமா ஏறி இறங்கும், அதுவே 0.02 அளவுக்கு ஆட்டும். 1.12 அடுத்த வாரம் 1.11 ஆனா கொண்டாடவும் வேணாம், 1.13 ஆனா அழவும் வேணாம். நாலஞ்சு வாரத்தை வரிசையா வெச்சு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க.

இந்த நம்பர் யாருக்கு செல்லாதுன்னும் சொல்லிடுறேன். 18 வயசுக்கு கீழ இருக்கிற பசங்களுக்கு இந்த 23, 25 எதுவும் போடாதீங்க, அவங்களுக்கு வயசு, ஆணா பொண்ணான்னு பாத்து வளர்ச்சி சார்ட்லதான் பாக்கணும், பத்து வயசுப் பையனுக்கு பிரைம் 0.70 வந்தா பயந்து நெய்யை ஊத்தி ஊத்தி குடுக்கிற வேலையெல்லாம் நடக்கும். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு கிடையாது. கால் வீக்கம், வயித்துல நீர் கோர்த்திருக்கிறவங்களுக்கு எடைல தண்ணியும் சேர்ந்திருக்கும், அதுவும் செல்லாது. வயசானவங்களுக்கு முதுகு கூன் விழுந்து உயரம் குறைஞ்சிருக்கும், உயரம் குறைஞ்சா எடை ஏறாமலே பிரைம் ஏறும். 70 கிலோ ஆளுக்கு 165, 162 ஆயிட்டா 1.12 நேரா 1.16. இன்னொரு பக்கம் சதையும் கரைஞ்சிருக்கும், ரெண்டும் சேர்ந்து நம்பரை நம்ப முடியாம பண்ணிடும். நல்லா வெயிட் தூக்கி உடம்பு ஏத்துன பசங்களுக்கும் பிரைம் 1க்கு மேல போகும், ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, "எனக்கு அது மசில்ப்பா"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு இடுப்புல டேப் போட்டா வேற கதை தெரியும்.

அதான் அடுத்த வேலை, இடுப்பு. பிரைம் பாத்த கையோட இதையும் எடுத்துடுங்க, பிரைமால காட்ட முடியாத வயித்துக் கொழுப்பை இது காட்டும். பேன்ட் போடுற இடம் இல்ல, அது பெரும்பாலும் தொப்பைக்கு கீழ இருக்கும். பக்கவாட்டுல கடைசி விலா எலும்பை தடவிப் பாருங்க, அப்புறம் இடுப்பு எலும்போட மேல் விளிம்பை தொட்டுப் பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல டேப்பை சுத்தி, மூச்சை சாதாரணமா விட்டதும் படிங்க. வயித்தை உள்ள இழுக்கக்கூடாது, யாரும் பாக்கல. இந்திய அளவுல ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. இதையும் அதே மாதிரி வகுத்துப் பாக்கலாம், அவருக்கு 94 வந்துச்சு, 94ஐ 90ஆல வகுத்தா 1.04. பிரைம் 0.97 வந்து இடுப்பு எல்லையை தாண்டியிருந்தா இடுப்பு சொல்றதை கேளுங்க, அந்த புனே டாக்டர் கேஸ்தான் அது.

1.12ல இருந்து 1.00 வரைக்கும் வந்தே ஆகணுமா? அவர் கேட்ட கேள்வியே இதுதான், 7.4 கிலோன்னதும் மலைச்சுட்டாரு. அமெரிக்காவுல சர்க்கரை வராம தடுக்க நடந்த பெரிய ஆராய்ச்சி, ரிசல்ட் 2002ல வந்துச்சு, அதுல வெச்ச டார்கெட் இருந்த எடைல 7 சதவீதம் குறைக்கிறது, கூடவே வாரத்துக்கு 150 நிமிஷம் நடை. அதுலயே சர்க்கரை வர்றது 58 சதவீதம் குறைஞ்சுது. இவருக்கு 70ல 7 சதவீதம் 4.9 கிலோ, 65க்கு வந்தா பிரைம் 1.04. இன்னும் கோட்டுக்கு மேலதான், ஆனா உடம்புக்கு பெரிய லாபம். சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு பண்ணி 2006ல வெளியிட்ட இந்திய ஆராய்ச்சி இன்னும் சுவாரசியம். அங்க சாப்பாடும் நடையும் மாத்தினவங்களுக்கு எடை பெருசா குறையவே இல்ல, ஆனா சர்க்கரை வர்ற ரிஸ்க் 28 சதவீதம் கிட்ட குறைஞ்சுது. ரெண்டு ஆராய்ச்சியும் சர்க்கரை எல்லையில நின்னவங்களை வெச்சு பண்ணினது, எல்லாருக்கும் அதே சதவீதம்னு எடுத்துக்க வேணாம். ஆனா ஸ்டிக்கர் ஒட்டின மெஷின்ல நம்பர் ரெண்டு மாசமா அசையலைன்னு நடைய நிறுத்துறவங்க இதை ஒரு தடவை படிச்சுடுங்க.

இப்ப அவர் டார்கெட் 1.04, அவங்களோடது 58ல 7 சதவீதம் போக 54 கிலோ, அதுவும் 1.04. ரெண்டு பேரோட நம்பரும் ஒரே ஷீட்ல, ஞாயித்துக்கிழமை காலைல காபிக்கு முன்னாடி ஏத்துறாங்க. அவங்க ரிப்போர்ட்ல சுகர் ஏற்கனவே பார்டர்ல இருந்ததால பிரைம், இடுப்பு ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி, மேல "23ஆல வகுத்தது"ன்னு போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டு போனாங்க. அடுத்து மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் எழுதி குடுத்திருக்காரு.